வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் வேலை, பழைய கடன், மாதத் தவணை: இந்த மூன்று பகுதிகளைச் சரியாக நிரப்புவது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகனும் அவன் மனைவியும் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்கள். கூடுவாஞ்சேரிப் பக்கம் 40 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருந்தார்கள். ஆன்லைனில் வீட்டுக் கடன் விண்ணப்பம் பாதி நிரப்பியாகிவிட்டது. "மாமா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க" என்றான். நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் விண்ணப்பம் பார்த்தவன் என்பதால் வந்திருந்தார்கள்.

பெயர், முகவரி, பான் எண் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கடுத்த மூன்று இடங்களில்தான் நிறுத்தினேன். எங்கே வேலை, என்னென்ன கடன் இருக்கிறது, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்கும் இடங்கள் அவை. மூன்றிலும் அவன் மனதில் இருந்ததை எழுதியிருந்தான். பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அப்படியே அனுப்பியிருந்தால் கடன் குறைந்திருக்கும், அல்லது விண்ணப்பமே திரும்பி வந்திருக்கும்.

நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு எண்ணையும் வங்கியில் ஒருவர் வேறொரு தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சம்பளத்தைச் சம்பளச் சீட்டோடும் வங்கிக் கணக்கோடும், வேலையை பி.எஃப். பாஸ்புக்கோடு, கடனை சிபில் அறிக்கையோடு வைத்துப் பார்ப்பார். இரண்டும் பொருந்தாத இடத்தில் அவர் பேனா நிற்கும். ஆகவே முதலில் அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தே பெட்டிகளை நிரப்ப வேண்டும்.

முதலில் தாள்கள்

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். பாஸ்புக், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கடனின் அறிக்கை, அப்புறம் கடன் தகவல் அறிக்கை. இவ்வளவு போதும். சம்பளம் ஒரு வங்கியிலும் தவணை வேறொரு வங்கியிலும் போகிறது என்றால் இரண்டின் அறிக்கையும் வேண்டும்.

கடன் தகவல் அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் பொதுவாக சிபில் என்று சொல்கிறோம். இந்தியாவில் இந்த அறிக்கையைத் தயாரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கேட்டு வாங்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அப்படிக் குறையாது. ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் விண்ணப்பம் போட்டால், ஐந்து வங்கியும் பார்த்ததற்கான பதிவு விழும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுவது அதன் உள்ளே இருக்கும் கணக்குகளின் பட்டியல்தான். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் இருவரின் அறிக்கையும் வேண்டும்.

எங்கே வேலை செய்கிறீர்கள்?

திரையில் Employer Name என்று இருந்த பெட்டியில் மருமகன் ஒரகடத்தில் இருக்கும் பெரிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் பெயரை எழுதியிருந்தான். ஆறு வருஷமாகத் தினமும் அங்கேதான் போகிறான், அடையாள அட்டையிலும் அந்தப் பெயர்தான். அதனால் அவன் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவன் சம்பளச் சீட்டின் தலைப்பில் இருந்தது ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பெயர். பி.எஃப். கட்டுவது அந்த நிறுவனம், சம்பளம் போடுவதும் அதே நிறுவனம். வங்கியின் கணக்கில் வேலை கொடுப்பவர் அவர்கள்தான்.

தொழிற்சாலையின் பெயரை எழுதினால் என்ன ஆகும்? சரிபார்ப்பவர் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவுக்குப் போன் செய்வார். "அந்தப் பெயரில் எங்கள் பட்டியலில் ஆள் இல்லை" என்று பதில் வரும். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தின் மேல் "வேலை உறுதியாகவில்லை" என்று எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு விளக்கம் சொல்லி மீட்பது கஷ்டம்.

ஆகவே இந்தப் பெட்டிக்கு ஒரே விதி: சம்பளச் சீட்டின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். கடைப் பலகையில் இருக்கும் வணிகப் பெயர் வேறாகவும், பதிவு செய்த பெயர் வேறாகவும் இருக்கலாம். பதிவுப் பெயர்தான் வேண்டும். பெயரின் கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கிறதா, 'எல்.எல்.பி.' என்று இருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் அடுத்த பெட்டியில் நிறுவனத்தின் வகையைக் கேட்பார்கள். சில விண்ணப்பங்களில் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் ஒரு பட்டியல் விழும். அதில் உங்கள் நிறுவனம் போலவே ஒலிக்கும் வேறு நிறுவனம் இருக்கும். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பட்டியலில் இல்லையென்றால் 'மற்றவை' என்பதைத் தேர்ந்து கையால் தட்டுங்கள். வேலை செய்யும் இடத்தின் முகவரிக்குத் தனிப் பெட்டி இருந்தால் அங்கே தொழிற்சாலை முகவரியைக் கொடுக்கலாம்.

அடுத்து, சேர்ந்த தேதி. இதில்தான் மருமகனுக்கு உண்மையான சிக்கல். ஆறு வருஷத்தில் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் ஒரு முறை கைமாறியிருக்கிறது. அதே தொழிற்சாலை, அதே தரச் சோதனைப் பிரிவு, அதே மேற்பார்வையாளர். ஆனால் 14 மாதத்துக்கு முன்பு பழைய நிறுவனம் போய்ப் புதியது வந்துவிட்டது. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் ஒரே யூ.ஏ.என். எண்ணுக்குக் கீழே இரண்டு உறுப்பினர் எண்கள் தெரிகின்றன. அவன் "6 வருஷம்" என்று எழுதியிருந்தான். பாஸ்புக் 14 மாதம் என்று சொல்லும்.

தீர்வு எளிது. இப்போதைய வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் இருக்கும் தேதி. மொத்த அனுபவம் என்ற இடத்தில் ஆறு வருஷம். முந்தைய வேலை என்ற பகுதி இருந்தால் பழைய நிறுவனத்தின் பெயரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும். பல வங்கிகள் இப்போதைய இடத்தில் எத்தனை மாதம், மொத்தம் எத்தனை வருஷம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதுவதால்தான் கேள்வி வருகிறது. பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். கிடைக்கத் தாமதமானால் பி.எஃப். பாஸ்புக்கின் பழைய பக்கங்களே நல்ல சான்று.

அவன் மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. அங்கே நியமனம் செய்வது பள்ளி நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. வேலை தரும் இடத்தின் பெயராகப் பள்ளியின் பெயரை எழுதச் சொன்னேன். வகை கேட்கும் இடத்தில் 'உதவி பெறும் நிறுவனம்' என்று இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால், எதைத் தேர்வது என்று கிளையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. அரசு ஊழியர் என்று தானாகவே போட்டுவிட்டால், அரசு ஊழியருக்கான தாள்களைக் கேட்டு விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அதற்கு உறுதிப்படுத்தும் கடிதம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். திறக்க முடியாத முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

என்னென்ன கடன் இருக்கிறது?

மருமகன் ஒரே ஒரு கடன் எழுதியிருந்தான்: பைக் கடன். "வேற எதுவும் இல்ல மாமா" என்றான். அறிக்கையைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். அரை மணி நேரம் ஆனது. மொத்தம் ஆறு வந்தது.

பைக் கடன் சரியாக இருந்தது. மாதம் 3,200 ரூபாய், இன்னும் 7 தவணை. சில வங்கிகள் முடியப்போகும் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை தவணைக்குக் கீழே இருந்தால் விடுவார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். அது அவர்கள் முடிவு. நாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, கிரெடிட் கார்டில் வாங்கிய போன். வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னதால் அவன் அதைக் கடனாகவே நினைக்கவில்லை. மாதம் 4,000, இன்னும் 9 தவணை. கார்டு அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் இது தெரியும். கண்டிப்பாகப் பட்டியலில் வர வேண்டும்.

மூன்றாவது, அதே கார்டில் மாதச் செலவு. மாதம் சுமார் 20,000 செலவு செய்து முழுவதையும் கட்டிவிடுகிறான். இதில் தவணை எதுவும் இல்லை. ஆனாலும் சில வங்கிகள் கார்டில் நிற்கும் தொகையில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுத்துக்கொள்ளும். முழுதும் கட்டுகிறவர் என்பது கார்டு அறிக்கையில் தெரியும் என்பதால், கடைசி மூன்று மாத அறிக்கையை உடன் இணைத்தால் நல்லது.

நான்காவது, மனைவியின் பெயரில் நகைக் கடன் 1,50,000. மாதத் தவணை கிடையாது, ஒரு வருஷம் கழித்து அசலும் வட்டியுமாகத் திருப்ப வேண்டும். தவணை இல்லாததால் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நகைக் கடனும் அறிக்கையில் வரும். தவணை என்ற பெட்டியில் பூஜ்யம் என்று எழுதி, குறிப்பு எழுத இடம் இருந்தால் 'தவணை இல்லை, ஆண்டு முடிவில் மொத்தமாக' என்று எழுதுங்கள். வங்கி தன் வழக்கப்படி மாத வட்டியைப் போட்டுக்கொள்ளும். 9 சதவீதம் என்றால் மாதம் 1,125.

ஐந்தாவதுதான் எங்களை உட்கார வைத்தது. மருமகன் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்து, எட்டு மாதத்துக்கு முன்பே எல்லாத் தவணையும் கட்டிவிட்டான். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு இன்னும் ஓடுவதாகவே இருந்தது, மாதத் தவணை 2,150 என்றும் போட்டிருந்தது. ஒரு தவணை வங்கியில் பணம் இல்லாமல் திரும்பியதற்கு 590 ரூபாய் கட்டணம் பாக்கி நிற்கிறது. அந்த 590 ரூபாய்க்காகக் கணக்கு மூடப்படவில்லை. அதை எப்படிச் சரி செய்தோம் என்று கீழே சொல்கிறேன்.

ஆறாவது அவனுடைய கடனே இல்லை. நண்பன் எடுத்த சரக்கு வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தான். அறிக்கையில் Guarantor என்று குறிப்போடு அது வந்திருந்தது. ஜாமீன் தந்திருக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் தனியாக ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை' என்று தட்டினால் அறிக்கையோடு மோதும். 'ஆம்' என்று போட்டு, நண்பனிடம் கேட்டு அவருடைய கடன் கணக்கின் கடைசி ஒரு வருஷ அறிக்கையையும் வாங்கி வைக்கச் சொன்னேன். அவர் ஒழுங்காகக் கட்டிவருகிறார் என்று தெரிந்தால் பல வங்கிகள் அந்தத் தவணையை உங்கள் தலையில் வைப்பதில்லை. அவர் தவறியிருந்தால் நிலைமை வேறு. அதையும் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

பிள்ளைகளின் கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடனாளியாக இருந்தால் அதுவும் இதே போலத்தான். படிப்பு முடியும் வரை தவணை தொடங்காவிட்டாலும் பெற்றோரின் அறிக்கையில் அது இருக்கும். மகளிர் குழுக் கடனும் அப்படியே. போன் செயலி மூலம் எடுத்த சின்னக் கடன்களில் ஒரு குழப்பம் உண்டு: செயலியின் பெயர் ஒன்று, உண்மையில் பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் வேறு. அறிக்கையில் நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். முன்பின் கேள்விப்படாத பெயரைப் பார்த்ததும் யாரோ உங்கள் பெயரில் கடன் வாங்கிவிட்டதாக நினைப்பதற்கு முன், செயலியில் இருக்கும் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் பொதுவாகக் கேட்பது கொடுத்தவர் பெயர், வகை, முதலில் வாங்கிய தொகை, இப்போதைய பாக்கி, மாதத் தவணை, மீதித் தவணைகள். பட்டியலை சிபில் அறிக்கையிலிருந்து எடுங்கள், எண்களைக் கடன் கணக்கு அறிக்கையிலிருந்து எடுங்கள். சிபில் அறிக்கையில் தவணைத் தொகை பல இடங்களில் காலியாக இருக்கும், பாக்கியும் சில வாரம் பழையதாக இருக்கலாம். மாதத் தவணை கேட்கும் பெட்டியில் மொத்தப் பாக்கியை எழுதிவிடும் தவறையும் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். 22,400 பாக்கி இருக்கும் பைக் கடனுக்கு மாதத் தவணை 22,400 என்று விழுந்தால், கணினி அந்த இடத்திலேயே 'தகுதி இல்லை' என்று சொல்லிவிடும்.

அறிக்கையில் இல்லாத கடன்

இது மனைவியின் சம்பளச் சீட்டில் இருந்தது. ஆசிரியர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் அவள் கடன் எடுத்திருக்கிறாள். மாதம் 4,500 சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். சங்கக் கடன் சிபில் அறிக்கையில் வரவில்லை. "அப்ப அது வங்கிக்குத் தெரியாதே, எழுதணுமா மாமா?" என்று கேட்டாள்.

தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் வரிசையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பதே அந்த வரிசையைத்தான். எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் இதை எழுதும்போது தன் பணத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

அவள் கைக்கு வருவது மாதம் 36,500. இது சங்கத் தவணை போன பிறகு வரும் தொகை. இப்போது Net Monthly Income என்ற பெட்டியில் 36,500 என்று எழுதி, கடன் பட்டியலில் சங்கத் தவணை 4,500 என்றும் எழுதினால், அதே 4,500 இரண்டு முறை கழிந்துவிடும். ஒரு முறை சம்பளத்தில், இன்னொரு முறை கடமையில். வருமானப் பெட்டியில் பி.எஃப்., ஓய்வூதியப் பங்கு, வரி போன்ற கட்டாயப் பிடித்தங்களை மட்டும் கழித்த தொகைதான் வர வேண்டும். அவளுக்கு அது 41,000. 4,500 கடமைப் பகுதிக்குப் போக வேண்டும். அருகில் உள்ள குறிப்புப் பெட்டியில் 'சங்கத் தவணை 4,500 சேர்த்த தொகை' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில் வரவாகும் 36,500ஐப் பார்த்துவிட்டு 41,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

மருமகனின் வருமானத்திலும் ஒன்றைத் திருத்தினோம். ஓவர்டைம் அதிகம் வந்த மாதத்தைப் பார்த்து 51,000 என்று எழுதியிருந்தான். வழக்கமாக வருவது 44,000. நிலையான தொகையை இங்கே எழுதி, ஓவர்டைமை மாறும் வருமானம் என்ற பெட்டியில் காட்டுவதுதான் சரி. எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் தொழில் வரியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பிடிப்பார்கள். அந்த மாதச் சீட்டில் கைக்கு வந்தது கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த மாதத்தை வைத்து எழுதி நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

வங்கி உங்கள் மாத வருமானத்தில் ஒரு பங்குக்கு மேல் தவணைகளுக்குப் போக விடாது. அந்தப் பங்கு வங்கியையும் வருமானத்தையும் பொறுத்து 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். மருமகன் கேட்ட இடத்தில் 50 சதவீதம்.

இருவர் வருமானமும் சேர்த்து 85,000. அதில் பாதி 42,500. இப்போது இருக்கும் கடமை: பைக் 3,200, போன் 4,000, சங்கம் 4,500, நகைக் கடன் வட்டி 1,125. மொத்தம் 12,825. அதைக் கழித்தால் புதிய வீட்டுக் கடனுக்கு 29,675 மிச்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 29,675ஐ 868ஆல் வகுத்தால் 34 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

அவர்களுக்கு வேண்டியது 32 லட்சம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, 40 லட்சத்தில் அது 32 லட்சம். தவணை 27,776 வரும். கார்டுச் செலவுக்காக வங்கி இன்னொரு 1,000 ரூபாயைக் கடமையில் சேர்த்தாலும் 42,500க்குள் அடங்கிவிடும்.

இப்போது அவர்கள் முதலில் எழுத இருந்தபடி பாருங்கள். சங்கத் தவணை இரண்டு முறை கழிந்திருந்தால் வருமானம் 80,500 ஆகும், பாதி 40,250, புதிய கடனுக்கு மிச்சம் 27,425. அதாவது 31.6 லட்சம்தான் கிடைக்கும். 40,000 ரூபாய் பற்றாது. ஃபிரிட்ஜ் கடன் அறிக்கையில் ஓடுவதாகவே இருந்து 2,150 கழிந்திருந்தாலும் 31.7 லட்சத்தில் நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் சுமார் 29 லட்சம். 590 ரூபாய்ப் பாக்கிக்கு என்ன விலை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

இதே கணக்கை வைத்து இன்னொன்றும் சொன்னேன். கையில் கொஞ்சம் பணம் இருந்து, கடன் தகுதி போதாமல் இருந்தால், எந்தக் கடனை முதலில் அடைப்பது? போன் தவணையில் மீதி 36,000. அதை அடைத்தால் மாதம் 4,000 விடுபடும், அதாவது சுமார் 4.6 லட்சம் தகுதி கூடும். 1,50,000 நகைக் கடனை அடைத்தால் விடுபடுவது 1,125 மட்டும், தகுதி 1.3 லட்சம்தான் கூடும். பாக்கி சிறிதாகவும் மாதத் தவணை பெரிதாகவும் இருக்கும் கடனை முதலில் அடைப்பதுதான் இங்கே உதவும். கார்டுத் தவணையை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்ஐசி பிரீமியம், சீட்டுப் பணம், வாடகை இவற்றை எழுதலாமா என்று பலரும் கேட்பார்கள். பிரீமியம் கடன் இல்லை, ஆனால் பாலிசி மேல் வாங்கிய கடன் கடன்தான். சீட்டில் இன்னும் எடுக்காதவருக்கு அது சேமிப்பு, எடுத்துவிட்டவருக்கு மீதித் தவணைகள் கடமை. இரண்டாம் வகையில் இருந்தால் மற்ற கடமைகள் என்ற இடத்தில் எழுதுங்கள், வங்கி அறிக்கையில் மாதாமாதம் போவது தெரியத்தான் போகிறது. வாடகையைக் கேட்டால் உண்மையான தொகையைக் கொடுங்கள். கட்டி முடித்த வீட்டுக்குக் குடிபோகும்போது வாடகை நின்றுவிடும், கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும். அதை வங்கி கவனிக்கிறதோ இல்லையோ, நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த 590 ரூபாய்

மருமகனை விண்ணப்பத்தை அனுப்பாமல் வரைவாகச் சேமித்து வைக்கச் சொன்னேன். மறுநாளே நிதி நிறுவனத்துக்கு 590 கட்டி, கடன் முடிந்ததற்கான பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்கினான். சான்றிதழ் வந்ததோடு அறிக்கை தானாக மாறிவிடாது. நிறுவனம் அந்தத் தகவலை அனுப்ப வேண்டும். 2025 ஜனவரி முதல் மாதம் குறைந்தது இரண்டு முறை அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் முன்பு போல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் கூடவே சிபில் இணையதளத்திலும் புகார் பதிவு செய்தான். புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. மூன்று வாரத்தில் கணக்கு மூடப்பட்டதாக அறிக்கை வந்துவிட்டது.

காத்திருக்க நேரம் இல்லாதவர்கள், முன்பணம் கொடுத்துக் கெடு வைத்தவர்கள், என்ன செய்வது? ஓடும் கடன்கள் பட்டியலில் அதைச் சேர்க்காதீர்கள். ஆனால் சான்றிதழை மற்ற தாள்களோடு பதிவேற்றிவிட்டு, 'இந்தக் கணக்கு இந்தத் தேதியில் முடிந்தது, அறிக்கையில் இன்னும் மாறவில்லை' என்று கடன் அதிகாரிக்கு இரண்டு வரி எழுதுங்கள். தானாகக் கண்டுபிடித்த முரண்பாட்டுக்கும் நீங்கள் முன்னாலேயே சொன்ன விஷயத்துக்கும் அதிகாரி கொடுக்கும் மதிப்பு வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனாக இதை உறுதியாகச் சொல்வேன்.

அனுப்பும்போதும் அனுப்பிய பிறகும்

கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறை காட்டும். கீழே, கொடுத்த தகவல்கள் உண்மை என்று ஒப்புக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அதிகாரி போனில் "பைக் தவணை எவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும். எழுதியதில் தவறு இருப்பது அனுப்பிய பிறகு தெரிந்தால் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் திருத்தம் அனுப்புங்கள்.

அப்புறம், கடன் ஒப்புதல் வந்துவிட்டது என்பதற்காகப் புது வீட்டுக்கு சோபா, ஏசி என்று தவணையில் வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். பணம் தருவதற்கு முன் பல வங்கிகள் அறிக்கையை மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்க்கும். மருமகனின் கணக்கில் மிச்சம் இருந்த இடம் 1,900 ரூபாய்தான். மாதம் 2,500 ரூபாய் தவணையில் ஒரு ஏசி வாங்கினாலே அது போய்விடும். வேலை மாறுவதும் இதே வகை, அவனைப் போல ஆள் அனுப்பும் நிறுவனம் மட்டும் மாறினாலும் வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும்.

அறிக்கை சரியான அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். நான்காம் நாள் ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் போயிருக்கிறது. ஜாமீன் பற்றி ஒரு கேள்வி வந்தது, நண்பனின் அறிக்கையை அனுப்பினான். ஒப்புதல் 32 லட்சத்துக்கே வந்தது. ஏசியைக் கிரகப்பிரவேசம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.